தில்லியில் காலை நடை நின்றுவிட்டது, மீதி நாளும் சேர்ந்து சரிந்துவிட்டது: என்ன செய்யலாம்?

பழைய_கணக்கன் (நவம்பர் 9, காலை 3:40)

வணக்கம். நேரத்தைப் பார்த்தாலே என் பிரச்சினை பாதி புரிந்துவிடும்.

வயது 67. மத்திய அரசில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்று ஏழு வருடம் ஆகிறது. மயூர் விஹார் ஃபேஸ் 1-ல் சொசைட்டி ஃபிளாட், நானும் மனைவியும்தான். பிள்ளைகள் வெளியூரில். சர்க்கரை பதினோரு வருடமாக இருக்கிறது, மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறேன்.

இத்தனை வருடமும் என் நாளை நான் திட்டமிட்டதே இல்லை. காலை ஐந்தரைக்கு பார்க், நாலு பேர் கோஷ்டி, ஏழு மணிக்கு மதர் டெயரியில் பால் வாங்கிக்கொண்டு வீடு. அது நடந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரிசையில் வந்து நின்றுகொள்ளும். குளியல், பூஜை, பேப்பர், சாப்பாடு, சின்னத் தூக்கம், சாயங்காலம் கோயில்.

தீபாவளிக்குப் பிறகு இருமல் பிடித்து மூன்று வாரம் விடவில்லை. டாக்டர் பிப்ரவரி வரை விடியற்காலை வெளியே போகவே கூடாது என்று சொல்லிவிட்டார். சரி என்று நிறுத்தினேன். நின்றது நடை மட்டும் இல்லை. எழுந்து காபி குடித்தால் அடுத்து என்ன என்று தெரியவில்லை. டிவி, போன், மறுபடி காபி. மதியம் 1:15-க்குப் படுத்தால் மூன்றரை வரை தூக்கம். ஐந்தரைக்கு இருட்டிவிடுகிறது, ஏழரைக்குச் சாப்பாடு, 8:45-க்குப் படுக்கை. மூன்று மணிக்கு முழித்துக்கொண்டு கூரையைப் பார்க்கிறேன். சர்க்கரையும் ஏறியிருக்கிறது. வீட்டில் சின்னச் சின்னதுக்கெல்லாம் சண்டை.

இப்படி மாட்டிக்கொண்டு மீண்டவர்கள் யாராவது இருந்தால் உங்கள் நாள் எப்படிப் போகிறது என்று எழுதுங்கள். "பாசிட்டிவாக இருங்கள்" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

---

ஆர்கேபுரம்_ராஜா (நவம்பர் 9, காலை 6:12)

சார், இதுக்குப் போய் நடையை நிறுத்துவார்களா? நேரத்தை முன்னால் தள்ளுங்கள். நான் நாலரைக்கே கிளம்பிவிடுவேன். வண்டி கிடையாது, ரோடு காலி, காற்று சுத்தமாக இருக்கும். பிரம்ம முகூர்த்தம் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள். ஒரு N95 போட்டுக்கொண்டால் முடிந்தது விஷயம். எனக்கு 61, ஒரு குறையும் இல்லை.

---

குடகுக்காப்பி (நவம்பர் 9, காலை 7:30)

ஓய்வுக்குப் பிறகு திட்டமிடல் முக்கியம்தான் சார். பாதியை சீனியர் சிட்டிசன் சேவிங்ஸில் போடுங்கள், மீதியை...

---

பழைய_கணக்கன் (நவம்பர் 9, காலை 7:41)

ஐயா, நான் கேட்டது பணத்தைப் பற்றி இல்லை, பொழுதைப் பற்றி. பணக் கணக்கு எனக்கே தெரியும், அதுதான் முப்பத்தாறு வருடம் செய்தேன்.

---

வானம்_பார்த்தவன் (நவம்பர் 9, காலை 10:05)

ராஜா சொன்னதில் பாதி சரி, பாதி ஆபத்து. நான் வானிலைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன், லோதி ரோட்டில் நிறைய குளிர்காலம் பார்த்தாயிற்று. அதனால் இதைக் கொஞ்சம் விவரமாக எழுதுகிறேன்.

குளிர்கால இரவில் தரை சீக்கிரம் ஆறிவிடும். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துக் கீழேயே உட்காரும், அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று மூடி போட்டதுபோல் நிற்கும். ராத்திரி ஊருக்குள் வருகிற லாரிப் புகை, காவல்காரர்கள் குளிருக்கு எரிக்கிற கட்டை, எல்லாம் அந்த மூடிக்குக் கீழேதான் சுற்றும். ரோடு காலியாக இருப்பது கண்ணுக்குத்தான் சுத்தம். காலை நாலரை என்பது மூடி நன்றாக இறுகி இருக்கிற நேரம். வெயில் ஏறித் தரை சூடானால்தான் காற்று மேலே எழும்பிக் கலக்கும். அதனால் நவம்பர், டிசம்பர், ஜனவரியில் பொதுவாக மதியம் இரண்டிலிருந்து நான்கு வரைதான் ஒரு நாளின் குறைந்த அளவு இருக்கும்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. மாலையில் செய்தியில் சொல்கிற காற்றுத் தரக் குறியீடு, அதாவது AQI எண், 24 மணி நேரச் சராசரி. அதை வைத்து எப்போது வெளியே போவது என்று முடிவு செய்ய முடியாது. Sameer செயலியிலோ மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையப் பக்கத்திலோ உங்கள் பக்கத்து நிலையத்தைத் தொட்டால் மணிவாரியாகக் காட்டும். மயூர் விஹாருக்கு பட்பர்கஞ்ச் நிலையத்தைப் பாருங்கள். ஆனந்த் விஹாரைப் பார்த்தால் பஸ் நிலையப் புகையும் சேர்ந்து பயமுறுத்தும்.

என் சொந்த வழக்கம் இது: நுரையீரலுக்குள் இறங்குகிற நுண்துகளான PM2.5-இன் மணி அளவு 90-க்குக் கீழே இருந்தால் நாற்பது நிமிடம் நடப்பேன். 120 வரை இருபது நிமிடம், மெதுவாக. அதற்கு மேல் போனால் வீட்டுக்குள். இந்த 90-ம் 120-ம் நம் நாட்டு அட்டவணையில் "மிதமானது", "மோசம்" என்ற படிகள் முடிகிற இடங்கள், அவ்வளவுதான். அதற்குக் கீழே பாதுகாப்பு என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தரவில்லை. அறுவடைத் தாள் எரிகிற நவம்பர் வாரங்களில் மதியம்கூட 200-ஐத் தாண்டும். அன்றைக்கு வெளியே போகிற பேச்சே வேண்டாம்.

முகமூடி உதவும், மூக்குக்கும் கன்னத்துக்கும் இடுக்கில்லாமல் பொருந்தினால். தாடிக்காரருக்குப் பொருந்தாது. போட்டுக்கொண்டு வேகமாக நடந்தால் மூச்சு முட்டும் என்பதால் பாதிப் பேர் மூக்குக்குக் கீழே இறக்கிவிட்டுத்தான் நடக்கிறார்கள்.

---

ஆர்கேபுரம்_ராஜா (நவம்பர் 9, காலை 10:40)

மதியம் மூணு மணிக்கு நடப்பதா? சாப்பிட்ட மயக்கத்தில் யார் சார் எழுந்து போவார்கள்? இருபது வருடமாக நாலரைக்குத்தான் போகிறேன், ஒன்றும் ஆகவில்லை.

---

ரோஹிணி_மருமகள் (நவம்பர் 9, மதியம் 1:15)

எங்கள் மாமனாரும் இப்படித்தான், "ஒன்றும் ஆகவில்லை" என்றார். ஜனவரி மாதம் காலை ஐந்தரைக்குப் போனவர் பார்க் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். நல்லவேளை ஆள் இருந்தார்கள். இரத்த அழுத்தம் எகிறியிருந்தது. கடும் குளிரில் வியர்க்க நடக்காதீர்கள் என்று அங்கேயே சொன்னார்கள். இப்போது எட்டரைக்கு பால்கனி வெயிலில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். ஆனால் நடப்பதே இல்லை, அது இன்னொரு பிரச்சினை. முட்டி பிடித்துக்கொண்டது.

---

நித்யா_பிசியோ (நவம்பர் 9, இரவு 9:20)

கணக்கன் சார், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்று நீங்களே கூட்டிப் பார்த்தீர்களா? 8:45-லிருந்து 3 மணி வரை ஆறேகால் மணி. மதியம் இரண்டேகால் மணி. மொத்தம் எட்டரை. உங்களுக்குத் தூக்கம் குறையவே இல்லை சார். இரண்டு துண்டாக உடைந்து தப்பான இடத்தில் கிடக்கிறது. இந்த வயதில் ஏழு, எட்டு மணி நேரம் போதும். மதியம் இரண்டேகால் மணி செலவு செய்துவிட்டால் ராத்திரிக் கணக்கில் எடுக்க என்ன மிச்சம் இருக்கும்?

இதில் பலர் செய்கிற தப்பு, "ராத்திரி தூக்கம் வரவில்லை, அதனால் சீக்கிரம் படுக்கிறேன்" என்பது. சீக்கிரம் படுத்தால் சீக்கிரம்தான் முழிப்பு வரும். படுக்கையில் புரளுகிற நேரம் நீளுமே தவிரத் தூக்கம் நீளாது.

நான் என்னிடம் வருகிறவர்களுக்குச் சொல்வது இந்த வரிசை. முதலில் எழுகிற நேரத்தை ஆணி அடித்து நிறுத்துங்கள், ஆறு மணி என்று வைத்துக்கொள்வோம். ராத்திரி எப்படிப் போனாலும் ஆறு. மூன்றுக்கு முழித்தால் இருபது நிமிடம் பாருங்கள், தூக்கம் வராவிட்டால் எழுந்து ஹாலில் மங்கலான வெளிச்சத்தில் உட்காருங்கள். போனை எடுக்காதீர்கள் (மூன்றே முக்காலுக்கு இங்கே எழுதுகிறீர்கள், பார்த்தேன்). பத்து மணிக்கு முன்னால் படுக்கையில் ஏறாதீர்கள். மதியத் தூக்கம் வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன், நம் ஊர்க்காரர்களிடம் அது நடக்காது. ஆனால் கட்டிலில் வேண்டாம். சாய்வு நாற்காலியில், ஒன்றரைக்கு, 25 நிமிடம், அலாரத்தோடு. அரை மணிக்கு மேல் போனால் ஆழ்ந்த தூக்கத்தில் இறங்கிவிடுவீர்கள், அதன் நடுவில் எழுந்தால் தலை கனத்து இன்னும் படுக்கத் தோன்றும்.

முதல் பத்து நாள் மோசமாக இருக்கும். பகலில் தள்ளாடும். அந்தப் பத்து நாளில்தான் எல்லோரும் கைவிடுவார்கள். அந்தச் சமயத்தில் வண்டி ஓட்டாதீர்கள். குறட்டை பலமாக இருந்து பகலில் அசதியும் இருந்தால் இதெல்லாம் எடுபடாது, அதற்குத் தனியாக டாக்டரைப் பார்க்க வேண்டும்.

நாளை இன்னொரு சோதனை சொல்கிறேன், கை வைக்காத நாற்காலி ஒன்று எடுத்து வையுங்கள்.

---

பழைய_கணக்கன் (நவம்பர் 10, காலை 6:05)

கூட்டிப் பார்க்கவே இல்லை அம்மா. வாழ்நாள் முழுக்க அடுத்தவர் கணக்கில் தப்பு கண்டுபிடித்தவன்!

ஒரு சந்தேகம். ராத்திரி பத்து வரை என்ன செய்வது? நான் சீக்கிரம் படுப்பது தூக்கம் வந்து இல்லை, வேறு வேலை இல்லாமல்தான்.

---

வானம்_பார்த்தவன் (நவம்பர் 10, காலை 9:30)

அதுதான் சரியான கேள்வி சார். ஜூனில் ஏழேகாலுக்கு மேல்தான் சூரியன் மறையும், டிசம்பரில் ஐந்தரைக்கே. அதாவது குளிர்காலத்தில் உங்கள் கையில் இரண்டு மணி நேர இருட்டு கூடுதலாக விழுகிறது. உங்கள் பழைய நாளில் முக்கியமான காரியம் எல்லாம் காலையில் இருந்தது. இந்த மூன்று மாதத்துக்கு அதைத் தூக்கிச் சாயங்காலத்தில் வைக்க வேண்டும், அதுவும் யாராவது உங்களுக்காகக் காத்திருக்கிற காரியமாக. தனக்குத்தானே வைத்துக்கொள்கிற வேலை ஒரு வாரம்கூட நிற்காது. நான் முதல் வருடம் ஹிந்துஸ்தானி சங்கீதம் கற்கிறேன் என்று ஹார்மோனியம் வாங்கினேன். இப்போது அதன் மேல் துணி மடித்து வைக்கிறார்கள்.

அதற்கப்புறம் எங்கள் பிளாக்கில் இரண்டு பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். இங்கே மூன்றாம் தலைமுறை, வீட்டில் பேசும், தெருப்பலகை வாசிக்கத் தெரியாது. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் டி.டி.இ.ஏ. பள்ளியில் படிக்கிற பிள்ளைகளுக்குக் கவலையில்லை, மற்றவர்களுக்கு வழியே இல்லை. செவ்வாயும் வெள்ளியும் ஆறரை முதல் ஏழரை. எனக்குக் காய்ச்சல் வந்தால்கூட அந்தக் குழந்தை கதவைத் தட்டும். அதுதான் வேண்டும்.

உங்களுக்கு நவம்பரில் இன்னும் கைமேல் ஒரு வேலை இருக்கிறதே! கணக்குப் பிரிவு என்கிறீர்கள். ஆயுள் சான்று மாதம் இது.

---

பழைய_கணக்கன் (நவம்பர் 10, காலை 11:00)

சார், அதைப் பற்றி யோசிக்கவே இல்லை. எங்கள் சொசைட்டியிலேயே பென்ஷன்காரர்கள் முப்பது பேருக்குக் குறையாது. பாதிப் பேர் பேங்க் வரிசையில் நிற்கிறார்கள். ஆயுள் சான்றை ஜீவன் பிரமாண் செயலியில் முகம் காட்டியே முடிக்கலாம், ஆதார், பி.பி.ஓ. எண், பேங்க் கணக்கு எண், ஆதாரோடு சேர்த்த போன் இருந்தால் போதும். விரல் ரேகை தேய்ந்தவர்களுக்கு அதுதான் சுலபம். எண்பது வயதைத் தாண்டியவர்கள் அக்டோபரிலேயே கொடுத்திருக்கலாம், யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

---

நித்யா_பிசியோ (நவம்பர் 10, இரவு 9:45)

நாற்காலி வந்ததா? கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, முப்பது நொடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். பக்கத்தில் ஆள் இருக்கட்டும், நாற்காலி சுவரை ஒட்டி இருக்கட்டும். உங்கள் வயது ஆணுக்கு 12-க்குக் கீழே போனால் கால் வலு குறைவு, விழுகிற அபாயம் கூடுதல் என்று அர்த்தம்.

நடக்கிறவர்கள் பலர் இதில் கோட்டை விடுவார்கள், அதனால்தான் கேட்கிறேன். சமதளத்தில் நடப்பது இதயத்துக்கு நல்லது, தொடைத் தசையை அது அவ்வளவாக வளர்க்காது. உலக சுகாதார நிறுவனம் 65-க்கு மேல் வாரம் 150 நிமிட நடை மாதிரி உழைப்போடு, வலுவும் நிதானமும் கூட்டுகிற பயிற்சியை வாரத்தில் மூன்று நாள் சொல்கிறது. முதல் பாதியை எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள், இரண்டாவது பாதி யார் காதிலும் விழவில்லை.

---

பழைய_கணக்கன் (நவம்பர் 11, காலை 8:20)

ஒன்பது. ஒன்பதாவதில் கையை ஊன்றப் போய்விட்டேன். ஏழு வருடம் தினமும் நாலு கிலோமீட்டர் நடந்தவனுக்கு ஒன்பது!

---

நித்யா_பிசியோ (நவம்பர் 11, மதியம் 2:10)

பயப்படாதீர்கள், இது சீக்கிரம் ஏறுகிற எண். திங்கள், புதன், வெள்ளி. இதே நாற்காலியில் எட்டு முறை, ஒரு நிமிடம் ஓய்வு, இப்படி மூன்று சுற்று. மெதுவாக உட்காருவதுதான் பயிற்சி, தொப்பென்று விழுவது இல்லை. பிறகு சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கிப் பதினைந்து முறை. ஒரு பாதத்துக்கு முன்னால் இன்னொன்றை ஒட்டி வைத்து நேர்கோட்டில் பத்து நொடி நிற்பது. மொத்தம் கால் மணி. எட்டு சுலபமானால் பத்தாக்குங்கள். முட்டியில் குத்துவலி வந்தால் நாற்காலியில் தலையணை போட்டு உயரத்தைக் கூட்டுங்கள்.

வெளியே போக முடியாத நாளில் மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் பத்துப் பத்து நிமிடம் காரிடாரில் நடங்கள். உங்கள் சர்க்கரைக்கு அது ஒரே மூச்சில் அரை மணி நடப்பதைவிட மோசமில்லை, சாப்பாட்டுக்குப் பிறகு ஏறுவதைப் பிடித்து நிறுத்தும்.

முக்கியமான ஒன்று. கிளிமிபிரைடு சாப்பிடுகிறீர்கள். நடக்கிற நேரத்தையும் சாப்பாட்டையும் மாற்றும்போது சர்க்கரை இறங்கிவிடலாம். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் இந்தக் கவலை குறைவு. முதல் இரண்டு வாரம் கிளம்பும் முன் ஊசி குத்திப் பாருங்கள், 100-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள். சட்டைப் பையில் சர்க்கரைப் பொட்டலம் வையுங்கள். திடீர் வியர்வை, கை நடுக்கம், காரணமில்லாத கோபம் வந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை, கால் மணி கழித்து மறுபடி சோதனை. மாத்திரையை நீங்களாகக் குறைக்காதீர்கள், புது நேரங்களை எழுதி எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள்.

---

பழைய_கணக்கன் (நவம்பர் 14, காலை 10:30)

இது கணக்கன் இல்லை, அவர் மனைவி எழுதுகிறேன். இந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டுக் குளிக்கப் போயிருக்கிறார். நாலு நாளாக எல்லோரும் அவருக்கு நாள் கட்டிக்கொடுக்கிறீர்கள், நன்றாக இருங்கள். என் நாளைப் பற்றி யாராவது கேட்டீர்களா?

அவர் ஐந்தரைக்குக் கிளம்பி ஏழேகாலுக்கு வருவார் என்றால் அந்த ஒன்றே முக்கால் மணி என்னுடையது. விளக்கேற்றி, ஸ்லோகம் சொல்லி, ஒரு டம்ளர் காபியை ஆறாமல் குடிப்பேன். இப்போது அந்த நேரத்தில் ஹாலில் டிவி. பத்து மணிக்கு இரண்டாம் காபி, பதினொன்றுக்கு "ஏதாவது இருக்கா". அவருக்கு அறுபதில் ஓய்வு, எனக்கு 64 ஆகிறது, இன்னும் ஆர்டர் வரவில்லை. அவரும் கெட்டவர் இல்லை, எங்கே உட்காருவது என்று தெரியாமல் என் பின்னாலேயே சுற்றுகிறார்.

நாற்காலியில் எழுந்து உட்காருகிறாரே, அது என்னுடைய சமையலறை நாற்காலி. பொடி வறுக்கும்போதுதான் பயிற்சி.

---

வானம்_பார்த்தவன் (நவம்பர் 14, மதியம் 12:00)

அம்மா, மன்னிக்க வேண்டும், எங்கள் எல்லோருக்கும் அது தோன்றவே இல்லை. என் வீட்டில் இதைச் சொல்லிக் காட்ட எட்டு மாதம் ஆயிற்று.

---

ரோஹிணி_மருமகள் (நவம்பர் 14, மதியம் 12:40)

அம்மா, நூற்றுக்கு நூறு. நேர அட்டவணையை ஒருவருக்குப் போடக் கூடாது, வீட்டுக்குப் போட வேண்டும். எங்கள் வீட்டில் காலை ஆறரையிலிருந்து எட்டு வரை ஹால் அத்தைக்கு, மாமா பால்கனி அல்லது அவர் அறை. இரண்டாவது காபி அவரே போட்டுக்கொள்வார். முதல் வாரம் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது, அப்புறம் கற்றுக்கொண்டார். இன்னொரு விஷயம், ஊதுபத்தியும் கற்பூரமும் மூடின அறையில் ஏற்றினால் உள்ளேயும் புகைதான். நாங்கள் எண்ணெய் விளக்கு மட்டும் வைக்கிறோம், ஊதுபத்தியைக் குளிர்காலத்தில் விட்டுவிட்டோம்.

---

லால்பாக்_பக்கத்தில் (நவம்பர் 14, மாலை 5:50)

இதெல்லாம் படிக்கவே மூச்சு முட்டுகிறது. பெங்களூருக்கு வந்துவிடுங்கள் சார், வருடம் முழுக்க காலை நடை.

ஆனால் ஒரு மாற்றுக் கருத்து. எழுகிற நேரம், தூங்குகிற நேரம், திங்கள் புதன் வெள்ளி... ஆபீஸிலிருந்து விடுதலை ஆகி வீட்டில் இன்னொரு ஆபீஸா? நான் 69, எனக்கு எந்த அட்டவணையும் கிடையாது. பசித்தால் சாப்பாடு, தூக்கம் வந்தால் தூக்கம். சந்தோஷமாக இருக்கிறேன்.

---

நித்யா_பிசியோ (நவம்பர் 14, இரவு 9:15)

உங்களுக்கு வேலை செய்கிறது என்றால் தொட வேண்டாம் சார். மூன்று மணிக்கு முழித்துக்கொண்டு கஷ்டப்படுகிறவருக்குத்தான் இது. நான் ஆணி அடிக்கச் சொன்னது மூன்றே இடத்தில்: எழுகிற நேரம், மதியத் தூக்கத்தின் நீளம், யாராவது காத்திருக்கிற ஒரு வேலை. மற்றதெல்லாம் அவர் இஷ்டம்.

---

லால்பாக்_பக்கத்தில் (நவம்பர் 14, இரவு 9:40)

காத்திருக்கிற வேலை என்று நீங்கள் சொல்வது பத்து நாளுக்கு மேல் பாரமாகிவிடும் என்று நினைக்கிறேன். பார்ப்போம்.

---

பழைய_கணக்கன் (டிசம்பர் 21, காலை 9:50)

ஆறு வாரம் ஆகிவிட்டது, நடந்ததை எழுதிவிடுகிறேன். இது நானேதான்.

முதலில் வீட்டம்மா எழுதியதைப் படித்தேன். அன்றைக்குப் பேசவில்லை, மறுநாள் என் பேப்பரையும் ஹீட்டரையும் எடுத்துக்கொண்டு பையனின் பழைய அறைக்குப் போனேன். ஆறிலிருந்து ஏழரை வரை அங்கேதான். பத்து மணிக் காபி என் கையால். நாற்காலியையும் அங்கேயே கொண்டுபோய்விட்டேன்.

முதல் பத்து நாள் நித்யா சொன்னது போலவே கொடுமை. பத்து மணி வரை முழித்திருக்க நின்றுகொண்டே டிவி பார்த்தேன். 25 நிமிட அலாரத்தை இரண்டு முறை அணைத்துவிட்டுத் தூங்கிப் போனேன், இரண்டு ராத்திரியும் மூன்று மணிக் கூரைதான். மூன்றாவது வாரத்தில் முதல்முறையாக ஐந்தேகால் வரை தூங்கினேன். இப்போது வாரத்தில் ஐந்து நாள் ஐந்து மணியைத் தாண்டுகிறது. இரண்டு நாள் இன்னும் சரியில்லை.

நவம்பர் பதினைந்திலிருந்து முப்பது வரை சொசைட்டி அலுவலக அறையில் பதினொன்று முதல் ஒரு மணி வரை ஆயுள் சான்று. 41 பேருக்கு முடித்தேன். இரண்டு பேருக்கு முகம் ஒத்துக்கொள்ளவே இல்லை, ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே உட்கார வைத்த பிறகு ஒருவருக்கு எடுத்தது, இன்னொருவருக்கு பேங்குக்குக் கூடவே போனேன். ஒரு பாட்டிக்கு ஆதாரில் இருந்த போன் எண் காலமான கணவருடையது. அதைச் சரிசெய்ய மூன்று நாள் அலைந்தோம். அந்த மூன்று நாளில் மதியத் தூக்கமே ஞாபகம் வரவில்லை.

டிசம்பரில் அது முடிந்ததும் மறுபடி ஒரு பள்ளம். லால்பாக்காரர் சொன்னது அப்போது காதில் ஒலித்தது. இப்போது வானம் சார் வழியில், மூன்றாவது மாடியில் ஒரு பெண் குழந்தைக்கு வாரம் இரண்டு நாள் தமிழ். அவளுக்கு "ழ" வரவில்லை, எனக்கு அவளுடைய டேப்லெட் வரவில்லை.

மதிய நடை மூன்று மணிக்கு. பட்பர்கஞ்ச் எண்ணை நோட்டில் எழுதுகிறேன். நவம்பரில் பாதி நாளுக்கு மேல் காரிடார்தான். ஒரு நாள் கிளம்பும் முன் சர்க்கரை 88 காட்டியது, ஒரு வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுத்தான் இறங்கினேன். டாக்டரிடம் நோட்டைக் காட்டியதில் மாத்திரையை அவரே மாற்றி எழுதினார். நாற்காலி எண் நேற்று 13.

தீராதது ஒன்று இருக்கிறது. பார்க் கோஷ்டி. நாலு பேரில் ஒருவர்தான் மூன்று மணிக்கு வந்தார். ஒருவருக்குப் பேரனைப் பள்ளியிலிருந்து கூட்டி வருகிற நேரம். மற்ற இருவர் ராஜா மாதிரி, விடியற்காலைதான் என்கிறார்கள். போனில் பேசினால் பேச்சு இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. நடந்துகொண்டே பேசியது மாதிரி இல்லை.

---

ஆர்கேபுரம்_ராஜா (டிசம்பர் 21, காலை 11:15)

சார், ஒரு விஷயம் சொல்லட்டுமா, சிரிக்கக் கூடாது. எனக்கும் போன வாரத்திலிருந்து இருமல். மனைவி காலையில் கதவைப் பூட்டிச் சாவியை எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறாள். அந்த நாற்காலி விஷயத்தில் 61 வயதுக்கு எத்தனை வர வேண்டும்?

---

நித்யா_பிசியோ (டிசம்பர் 21, மதியம் 1:30)

64 வரை ஆண்களுக்கு 14. இருமல் நின்ற பிறகு எண்ணுங்கள்.

---

பழைய_கணக்கன் (டிசம்பர் 21, மதியம் 2:50)

ராஜா சார், மலை மந்திர் பக்கம் ஞாயிற்றுக்கிழமை மதியம் வருகிறேன். மூன்று மணிக்கு, எண் 120-க்குக் கீழே இருந்தால். அதற்கு மேல் இருந்தால் படி ஏறாமல் கீழே உட்கார்ந்து பேசுவோம். சாவி கிடைத்தால் வாருங்கள்.